“உன் இங்கிலீஷ் நல்லா இருக்கே!”: மைக்ரோஅக்ரெஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்த பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி நடத்துகிறேன். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். சில வாரங்களில் பெற்றோரும் வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தச் சந்தேகங்களில்தான் வந்து நிற்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

அக்கா, மைக்ரோஅக்ரெஷன்னா என்ன? நம்மளத் திட்டுறதா?

திட்டு இல்லை. திட்டினால் திட்டு என்று தெரியும், பதிலுக்கு என்ன செய்வது என்றும் தெரியும். இது சாதாரணப் பேச்சுக்குள், சில நேரம் பாராட்டுக்குள்ளேயே, ஒளிந்து வருகிற ஒரு செய்தி. ‘உன் இனத்துக்காரர்களிடம், உன் ஊர்க்காரர்களிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை’ என்பதுதான் பெரும்பாலும் அந்தச் செய்தி. சொன்னவருக்கே அது தெரிந்திருக்காது.

தமிழில் ‘குத்திப் பேசுவது’ என்று ஒன்று இருக்கிறதே, அதுதானா என்று சிலர் கேட்கிறார்கள். அது வேறு. குத்திப் பேசுகிறவர் வேண்டுமென்றேதான் பேசுகிறார். இங்கே குத்துகிறவர் இல்லாமலேயே குத்து விழுகிறது. அதனால்தான் இதைப் பற்றிப் பேசுவதும் சிரமமாக இருக்கிறது.

இந்தப் பேரை யாரு வச்சது?

அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த செஸ்டர் பியர்ஸ் என்ற கறுப்பின மனநல மருத்துவர், 1970இல். கறுப்பின மக்கள் அன்றாடம் சந்திக்கிற சின்னச் சின்ன அவமதிப்புகளைக் குறிக்கத்தான் அவர் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். 2007இல் டெரால்ட் விங் சூ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதை மூன்றாகப் பிரித்து எழுதினார்கள். தெரிந்தே செய்கிற அவமதிப்பு ஒன்று. தெரியாமல் மட்டம் தட்டுவது இரண்டாவது. ‘அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, நீயாகக் கற்பனை செய்துகொள்கிறாய்’ என்று ஒருவருடைய அனுபவத்தையே இல்லாமல் ஆக்குவது மூன்றாவது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் நடுவில் இருப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நம் பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் நடக்கிறது.

இங்கிலீஷ் நல்லா பேசுறேன்னு பாராட்டுனா அதுல என்ன தப்பு? சந்தோஷப்பட வேண்டியதுதானே?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண் ஈப்போவில் ஒரு அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். அவளுடைய அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பு போய், படிவம் ஆறு வரை முடித்தவள். அவளோடு சேர்த்து மூன்று பேரை ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார்கள். அவள் தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி முடித்ததும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்த முகத்தோடு, “வாவ், யுவர் இங்கிலீஷ் இஸ் வெரி குட்! எங்கே கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டார். அவள் நன்றி சொன்னாள்.

பிறகு மற்ற இருவரும் பேசினார்கள். அவர்களும் அதே அளவுக்குத்தான் பேசினார்கள். யாரும் அவர்களுடைய ஆங்கிலத்தைப் பாராட்டவில்லை. ஒருவரிடம் முன்பு பார்த்த வேலையைப் பற்றிக் கேட்டார்கள். இன்னொருவரிடம் கணக்கு மென்பொருள் தெரியுமா என்று கேட்டார்கள். அவளுக்கு மட்டும் ‘எங்கே கற்றுக்கொண்டாய்’.

பாராட்டு என்பது ஒரு எதிர்பார்ப்புக்கு மேலே நிற்கிற அளவு. நடக்கத் தொடங்கிய குழந்தை நாலடி வைத்தால் கைதட்டுகிறோம். இருபது வயதுக்காரர் நடந்தால் யாரும் கைதட்டுவதில்லை. அந்த அறையில் மூன்று பேருக்கும் ஒரே கோடு போட்டிருந்தால், மூன்று பேரையும் பாராட்டியிருப்பார், அல்லது ஒருவரையும் பாராட்டியிருக்க மாட்டார். அவளுக்கு மட்டும் கோடு கீழே இருந்தது. அவள் என்னிடம் சொன்னது இதுதான்: “அதுக்கப்புறம் நான் பேசல டீச்சர். என் இங்கிலீஷைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.” அடுத்த கேள்வி வேலையைப் பற்றியது, பதிலும் அவளுக்குத் தெரியும். ஆனால் வாக்கியத்தில் பிழை வந்துவிடுமோ என்ற கவலையில் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஏன் நம்மளப் பார்த்து மட்டும் அந்த ஆச்சரியம்?

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துத் தோட்டத்தில் ஆங்கிலம் ஒரு வேலிபோல இருந்தது. துரை ஆங்கிலத்தில் பேசுவார். அதைக் கேட்டு வந்து தமிழில் சொல்கிறவர் கிராணி. லயத்தில் இருந்தவர்கள் தமிழைத் தாண்டிப் போகத் தேவையில்லை என்றே வைத்திருந்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஆனால் அவை தமிழில் சில வகுப்புகளோடு முடிந்துவிடுகிற பள்ளிகள். ஆங்கிலப் பள்ளிகள் பட்டணத்தில் இருந்தன. கிராணி வீட்டுப் பிள்ளைகள் போனார்கள், லயத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் போகவில்லை.

அதனால் ‘தோட்டத்துத் தமிழனுக்கு ஆங்கிலம் வராது’ என்ற நினைப்பு ஒரு காலத்தில் காரணத்தோடு உருவானதுதான். வராமல் பார்த்துக்கொண்டார்கள். காலம் மாறி, அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று மற்றவர்களோடு ஒரே வகுப்பில் ஒரே பாடம் படிக்கிறார்கள். நினைப்பு மட்டும் மாறவில்லை. ஈப்போ அலுவலகத்தில் அந்த அதிகாரி ஆச்சரியப்பட்டபோது அவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் போட்ட கோடு அங்கிருந்து வந்ததுதான்.

என்னை ‘மலாய் நல்லா பேசுறியே, மலாய்க்காரர் மாதிரியே’ன்னு சொன்னாங்க. அதுவும் இதே கணக்குதானா?

அதே கணக்குதான், ஆனால் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் படும். ஆங்கிலத்தில் கோடு படிப்பைப் பற்றியது. மலாய் இந்த நாட்டின் தேசிய மொழி. இங்கே பிறந்து, முதலாம் ஆண்டிலிருந்து மலாய் படித்து, எஸ்.பி.எம்.மில் மலாயில் தேறிய ஒருவரிடம் ‘எங்கள் மொழியை நன்றாகப் பேசுகிறாய்’ என்றால், ‘நீ வெளியிலிருந்து வந்தவன்’ என்ற சொல் அதற்குள் இருக்கிறது. “ஊர் எது?” என்று கேட்டு, “சுங்கை சிப்புட்” என்றதும், “இல்ல, உண்மையான ஊர்?” என்று கேட்பதும் இதன் அண்ணன் தம்பிதான்.

அவரு நல்ல எண்ணத்துலதானே சொன்னாரு? அதை எப்படித் தப்புன்னு சொல்லலாம்?

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதை நான் முழுதாக ஏற்கிறேன். எண்ணமும் விளைவும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில். ‘இவர் எப்படிப்பட்ட மனிதர், இவர் மேல் கோபப்படலாமா’ என்பது ஒரு கேள்வி. அதற்கு எண்ணத்தைப் பார்க்க வேண்டும். ‘இங்கே என்ன நடந்தது, யார் எதைச் சரி செய்ய வேண்டும்’ என்பது இன்னொன்று. அதற்கு விளைவைப் பார்க்க வேண்டும். நாம் செய்கிற தவறு, இரண்டாவது கேள்வி வரும்போதெல்லாம் முதல் கேள்வியின் பதிலை எடுத்து நீட்டுவது.

காலையில் தோட்டத்தில் பேர் வாசிக்கிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் ஏற்றிவிட்டார் என்று வையுங்கள். வேண்டுமென்று செய்யவில்லை. அதனால் அந்த அக்கா அவரை எதிரியாக நினைக்கக் கூடாது, சரி. ஆனால் கோலம் அழிந்தது அழிந்ததுதான். அவர் இறங்கி நின்று “நான் நல்லவன்” என்று பத்து நிமிடம் பேசினால், அந்த அக்கா கோலத்தையும் விட்டுவிட்டு அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். அலுவலகங்களில் நம் பிள்ளைகளுக்கு இதுதான் நடக்கிறது. பட்டதும் அவர்கள், சொன்னவரைச் சமாதானப்படுத்துவதும் அவர்கள்.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பேச்சா? அந்தக் காலத்துல நாங்க எவ்வளவு கேட்டிருக்கோம்!

இப்படிக் கேட்ட ஐயா பால்மரம் வெட்டியவர். அவருக்கு அவர் தொழிலை வைத்தே பதில் சொன்னேன். ஒரு வெட்டில் எவ்வளவு பட்டை போகும்? ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கலாம். காலையில் வெட்டிய மரத்தை மறுநாள் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் வருஷக் கடைசியில் வெட்டுக்கோடு ஒரு சாண் கீழே இறங்கியிருக்கும். சொன்னவருக்கு அது ஒரு வெட்டு. கேட்டவருக்கு அது பள்ளியில் ஒன்று, கிளினிக்கில் ஒன்று, வங்கி முகப்பில் ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும் கோடு. அதனால்தான் சொன்னவர் ‘இதுக்கா இப்படி?’ என்று அதிர்ச்சி அடைகிறார். இருவரும் வேறு வேறு கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நேரடித் திட்டைக் கேட்டவர் கோபப்பட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். இதைக் கேட்டவர் ‘அப்படித்தான் சொன்னாரா, நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனா’ என்று வீடு வரும்வரை யோசிப்பார். அந்த யோசனைக்கு ஆகிற சக்தி வேறு யாருக்கும் தெரிவதில்லை.

எது உண்மையான பாராட்டு, எது இந்த மாதிரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில், பக்கத்தில் இருக்கிற வேறு ஒருவரிடம் இதையே சொல்வாரா என்று பாருங்கள். ஈப்போ அறையில் அது கண்ணெதிரே தெரிந்தது. எப்போதும் அப்படித் தெரியாது, அப்போது மனதுக்குள் ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பாராட்டு எதைத் தொட்டது? “அந்த விண்ணப்பக் கடிதத்தில் இரண்டாவது பத்தியில் காரணத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தாய்” என்றால் அது நீங்கள் செய்த வேலையைத் தொடுகிறது. “நல்லா பேசுறியே” என்றால் அது உங்களைப் பார்த்ததும் அவர் நினைத்ததைத் தொடுகிறது. ஆங்கில ஆசிரியர், பேச்சுப் போட்டி நடுவர், மூன்று மாதமாக உங்கள் முன்னேற்றத்தைப் பார்த்த மேலாளர் இவர்களெல்லாம் ஆங்கிலத்தைப் பாராட்டினால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். மொழியை மதிப்பிடுவது அங்கே அவர்களுடைய வேலை. அதிலும் தெளியவில்லை என்றால் ஒரு தடவை நடந்ததைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வந்தால் தானாகத் தெரியும்.

நாம யாருக்காவது இப்படிச் செய்றோமா, டீச்சர்?

செய்கிறோம். நானே செய்திருக்கிறேன். என் வீட்டுக்குப் பக்கத்துச் சில்லறைக் கடையில் வங்காளதேசத் தம்பி ஒருவர் வேலை செய்கிறார். ஒருநாள் அவர் தமிழில் கணக்குச் சொன்னதும், கடையில் நின்றவர்களிடம் திரும்பி, “பாருங்க, எவ்வளவு நல்லா தமிழ் பேசுறான்!” என்றேன். அவர் ஆறு வருஷமாகத் தமிழர் கடையில் நிற்கிறார். பேசாமல் எப்படி இருப்பார்? அவரை விட்டுவிட்டு, அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசினேன். அதுவும் ‘பேசுறான்’ என்று. அவர் தலையைக் குனிந்து மீதிச் சில்லறையை எண்ணினார். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதையும், அதை நான் கேட்டதே இல்லை என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன்.

நமக்குள்ளும் குறைவில்லை. “தோட்டத்துப் பொண்ணு மாதிரியே தெரியல” என்று பட்டணத்து உறவினர் சொல்வது, “கறுப்பா இருந்தாலும் லட்சணமா இருக்கா” என்று பெண் பார்க்க வந்தவர் சொல்வது, “தமிழ்ப்பள்ளியில படிச்சா இவ்வளவு தூரம் வந்தே?” என்று கேட்பது எல்லாம் அதே வார்ப்பு. ‘இருந்தாலும்’ என்ற சொல் வந்தாலே கொஞ்சம் நின்று பாருங்கள். கோடு எங்கே போட்டிருக்கிறோம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த இடத்துல நான் என்ன சொல்றது?

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அதுவும் ஒரு சரியான முடிவுதான். வேலை வேண்டும் என்று போன இடத்தில் பாடம் நடத்தும் கடமை உங்களுக்கு இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பேச்சை உங்கள் வேலைப் பக்கம் திருப்புங்கள். “நன்றி. இங்கே எல்லாரையும்போலப் பள்ளியில் படித்ததுதான். நீங்கள் கேட்ட கணக்கு வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.” இதைத்தான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வைக்கிறேன். கடைசி வாக்கியம்தான் முக்கியம். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிற நிலையிலிருந்து அது உங்களை வெளியே கொண்டுவந்துவிடும்.

தினமும் பார்க்கிற, பழகிய மனிதராக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். “அண்ணே, நீங்க பாராட்டத்தான் சொன்னீங்கன்னு தெரியும். ஆனா அதைக் கேட்டா, என்கிட்ட எதிர்பார்க்கலைன்னு சொல்ற மாதிரி இருக்கு.” எண்ணத்தையும் விளைவையும் தனித்தனியாக வைத்துப் பேசினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்காது.

யாராச்சும் என்கிட்ட வந்து ‘நீங்க சொன்னது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு’ன்னா?

“நான் அப்படி நினைச்சுச் சொல்லல” என்று தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் முதல் வாக்கியமாக வரக் கூடாது. கோலத்தின் மேல் வண்டி ஏற்றியவர் கதைதான். “மன்னிச்சுக்கோ, அது எனக்குத் தெரியல. இனிமே பார்த்துக்கிறேன்.” இவ்வளவு போதும். அதிகம் நொந்துகொண்டு புலம்பினாலும், மறுபடியும் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். நான் அந்தக் கடைத் தம்பியிடம் மறுநாள் போய் இரண்டே வரியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெயரைக் கேட்டேன். இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

வாடகைக்கு ரூம் கேட்டா ‘இந்தியருக்கு இல்ல’ன்னு விளம்பரத்துலயே போடுறாங்களே, அதுவும் மைக்ரோஅக்ரெஷனா?

இல்லை. அது நேரடிப் பாகுபாடு. அதை ‘மைக்ரோ’ என்று சொல்லிச் சின்னதாக்கிவிடக் கூடாது. இனத்தைச் சொல்லிக் கெட்ட வார்த்தை பேசுவதும் அப்படித்தான். மலேசிய அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இனத்தின் பேரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது என்றாலும், நீதிமன்றங்கள் அதை அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் எதிரான பாதுகாப்பாகத்தான் படித்திருக்கின்றன. தனியார் வீட்டுக்காரர் அதில் சுலபமாகச் சிக்குவதில்லை. இது சட்ட அளவில் மோத வேண்டிய விஷயம். எண்ணமா விளைவா என்ற பேச்சு இங்கே தேவையே இல்லை, எண்ணத்தைத்தான் விளம்பரத்திலேயே எழுதிவிட்டார்களே.

அப்போ யாரு வலிக்குதுன்னு சொன்னாலும் அவங்க சொல்றதுதான் சரியா?

வலித்தது என்பது உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ‘வலித்தது, அதனால் அவர் இனவெறியர்’ என்று தாண்டிப் போனால், எண்ணத்துக்கான கேள்விக்கு விளைவை வைத்துப் பதில் சொன்னதாகிவிடும். மேலே சொன்ன அதே தவறு, தலைகீழாக.

ஆராய்ச்சியாளர்களுக்குள்ளும் இதில் சண்டை உண்டு. ஸ்காட் லிலியன்ஃபெல்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2017இல் இந்தக் கருத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். எதெல்லாம் இதில் அடங்கும் என்ற எல்லை தெளிவாக இல்லை, பெரும்பாலான ஆய்வுகள் பட்டவர்கள் தாங்களே சொன்னதை மட்டும் வைத்து நடந்தவை, மனநலப் பாதிப்புக்கு இதுதான் காரணம் என்று இன்னும் நிரூபிக்கவில்லை என்றார். ‘அக்ரெஷன்’ என்ற சொல்லே, தாக்க வேண்டும் என்ற எண்ணம் இருப்பதுபோலக் காட்டுகிறது என்றும் சொன்னார். எனக்கு இந்த விமர்சனத்தில் பாதி நியாயமாகப் படுகிறது. சொல்லின் எல்லை இழுபறியானது என்பது உண்மை. ஆனால் இனப் பாரபட்சமும் நுட்பமான அவமதிப்பும் உண்டு என்பதை அவரே மறுக்கவில்லை. வார்த்தையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பெண் பாதியில் நிறுத்திய பதில் மாறாது.

எங்கப்பா ‘அவரு பாராட்டுனாரு, பெருமைப்படு’ன்னுதான் சொல்றாரு. அவருக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

புரிய வைக்கப் போராடாதீர்கள். முப்பது வருஷம் வேலை செய்து மேலே இருந்தவர்களிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்காதவருக்கு, பிள்ளைக்குக் கிடைத்த பாராட்டு பெரிய விஷயம். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. விளக்குவதற்குப் பதிலாக அவரிடம் ஏதாவது கேளுங்கள்.

நான் என் அப்பாவிடம் கேட்டேன், தோட்டத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். புதிதாக வந்த உதவி நிர்வாகிக்கு இருபத்தைந்து வயது இருக்கும், அப்பாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு. நல்ல மனுஷன், ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை என்றார். அப்புறம், “ஆனா என்னை ‘தம்பி’ன்னுதான் கூப்பிடுவான். பெரட்டுல பேர் வாசிக்கிறவன் அவன்தான். என் பேரு அவனுக்கு நல்லாத் தெரியும்” என்றார்.